வாரச் சம்பளத்தை நாலால பெருக்குனா வருசத்துல நாலு சனிக்கிழமை காணாமப் போகும்

"அண்ணே, நான் மண்டபத்துல மீன் கம்பெனி ஷெட்டுல வேலை பாக்குறேன். நாளுக்கு 500, சனிக்கிழமை சனிக்கிழமை 3,000 பேங்க்ல போடுவாங்க. தடைக்காலத்துல ஷெட்டை மூடிருவாங்க. தம்பி ஆஸ்திரேலியால இருக்கான், அவனுக்கு பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா 2,000 டாலர், வரி பிடிக்கிறதுக்கு முன்னாடி. ரெண்டு பேரும் சேந்து வீட்டு லோன் போடுறோம். ஃபார்ம்ல எனக்கு மாசம் 12,000 வருசம் 1,44,000ன்னும், அவனுக்கு மாசம் 4,000 வருசம் 48,000 டாலர்னும் எழுதுனேன். அவனோட வருசக் கணக்குல 52,000 இருக்கு, என் பாஸ்புக்க கூட்டுனா 1,44,000 வரவே இல்ல, எதுவும் ஒத்து வரலன்னு திருப்பிட்டாங்க. எங்க தப்பு விட்டேன்?"

தம்பி கணக்குல ஒரு தப்பு, உங்க கணக்குல ரெண்டு தப்பு தங்கச்சி. உங்க ரெண்டுல ஒண்ணு வருமானத்தை குறைச்சுக் காட்டுது, இன்னொண்ணு கூட்டிக் காட்டுது, ரெண்டும் ஒண்ணையொண்ணு பாதி மறைச்சுட்டதால 1,44,000ங்கறது பாக்குறதுக்கு நியாயமான நம்பர் மாதிரி தெரிஞ்சிருக்கு. மொதல்ல தம்பி கணக்க முடிச்சிருவோம், அது சின்னது.

நீங்க "பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா"ன்னு எழுதிருக்கீங்க பாருங்க, தப்பு அந்த வார்த்தையிலயே இருக்கு. நம்ம பக்கம் எண்ணுற பழக்கம் என்னன்னா ஆரம்பிச்ச நாளையும் சேத்து எண்ணுறது. இந்த சனிக்கு வந்தவங்க அடுத்த சனிக்குப் போனா "எட்டு நாள் இருந்துட்டுப் போனாங்க"ன்னு சொல்லுவோம், அதே மாதிரி ரெண்டு வாரத்தை பதினஞ்சு நாள்னு சொல்லிப் பழகிட்டோம். பேச்சுக்கு அது பரவால்ல. ஆனா அங்க அவனுக்கு சம்பளம் வர்றது 14 நாளைக்கு ஒருக்கா, உதாரணத்துக்கு ஒரு புதன் விட்டு ஒரு புதன். பதினஞ்சு நாள்னு காதுல விழுந்த உடனே நம்ம மனசு "ஓ, மாசத்துல பாதி, அப்ப மாசத்துக்கு ரெண்டு"ன்னு முடிவு பண்ணிருது. மாசத்துக்கு ரெண்டுன்னா வருசத்துக்கு 24. 14 நாளைக்கு ஒருக்கான்னா வருசத்துக்கு 26. 365ஐ 14ஆல வகுத்துப் பாருங்க, 26 தடவ போயி ஒரு நாள் மிச்சம் நிக்கும். 2,000ஐ 26ஆல பெருக்குனா 52,000, அவன் வருசக் கணக்குல இருக்குற அதே நம்பர். அதை 12ஆல வகுத்தா மாசம் 4,333. நீங்க விட்டது ரெண்டு சம்பளம், 4,000 டாலர்.

இதுல ஒண்ணு கவனிக்கணும், நெசமாவே மாசத்துக்கு ரெண்டு தடவ, 1ஆந் தேதியும் 16ஆந் தேதியும்னு தேதி குறிச்சு குடுக்குற கம்பெனிகளும் உண்டு, அவங்களுக்கு 24தான் சரி, 26 போட்டா அது தப்பாயிரும். ரெண்டையும் எப்படிப் பிரிக்கிறதுன்னா பே ஸ்லிப்ல அடுத்தடுத்து வந்த மூணு சம்பளத்து தேதியப் பாருங்க. கிழமை மாறாம தேதி மட்டும் மாறுதுன்னா அது 26. தேதி மாறாம கிழமை மாறிக்கிட்டே இருந்தா 24. தம்பிகிட்ட வாயால கேட்டுக்காதீங்க, அவனும் நம்ம ஊருக்காரன்தான, பதினஞ்சு நாள்னுதான் சொல்லுவான்.

இப்ப அந்த மிச்சம் நின்ன ஒரு நாளுக்கு வர்றேன், ஏன்னா லோன் ஆபீஸ்ல அடுத்த வருசம் இதே பிரச்சனை தலகீழா வரும். 26 தடவ 14 நாள்னா 364 நாள்தான், வருசம் 365, லீப் வருசம்னா 366. இந்த ஒரு நாளும் ரெண்டு நாளும் சேந்து சேந்து, பத்துப் பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஒரே வருசத்துல 27 சம்பள தேதி விழுந்துரும். ஆஸ்திரேலியால நிதி வருசம் ஜூலை 1ல ஆரம்பிச்சு ஜூன் 30ல முடியும். 2026 ஜூலை 1 புதன்கிழமை, 2027 ஜூன் 30உம் புதன்கிழமை. தம்பிக்கு ஜூலை 1ல ஒரு சம்பளம் விழுகுதுன்னா அங்கிருந்து 14 14ஆ எண்ணிக்கிட்டே போனா சரியா ஜூன் 30ல இருபத்தேழாவது வந்து நிக்கும். அந்த வருசக் கணக்குல 52,000 இருக்காது, 54,000 இருக்கும். ஊதிய உயர்வும் கிடையாது ஒண்ணும் கிடையாது, ஜூலை 1ல வந்த காசு ஜூன்ல பாத்த வேலைக்கு, காசு கைக்கு வந்த தேதி மட்டும் இந்தப் பக்கம் விழுந்துருச்சு. அதனால அவனுக்கு வருச வருமானம்னு எழுதுறப்ப 52,000தான் எழுதணும், 54,000 இருக்குற பேப்பரைக் குடுத்தா பக்கத்துல "இதில் 27 சம்பளம்"னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. அப்படி விழுகுற வருசத்துல வரிப் பிடித்தம் கொஞ்சம் பத்தாமப் போகும்னு அங்க வரி ஆபீசே சொல்லி, கூடுதலா பிடிக்கிறதுக்கு அட்டவணை போடுது, அதையும் தம்பி அவன் கம்பெனில ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்கட்டும்.

அப்புறம் மாசக் கணக்க பேங்க் ஸ்டேட்மென்ட்ட பாத்து எடுக்காதீங்க. அதே தேதிகள்படி 2026 ஜூலைல 1, 15, 29ன்னு மூணு சம்பளம் விழுகும். அந்த ஒரு மாசத்த மட்டும் பாத்தா மாசம் 6,000 டாலர் சம்பாதிக்கிறவன் மாதிரி இருக்கும், ஆகஸ்ட்ட மட்டும் பாத்தா 4,000. ரெண்டுமே அவன் மாச வருமானம் இல்ல. இன்னொரு பொறி, பே ஸ்லிப்ல வருச ஆரம்பத்துலருந்து இதுவரைக்கும்னு ஒரு கூட்டுத்தொகை போட்டுருப்பாங்க. செப்டம்பர் 23 ஸ்லிப்ல அது 14,000 காட்டும். ஜூலை ஆகஸ்ட் செப்டம்பர், மூணு மாசம்தானேன்னு 3ஆல வகுத்தீங்கன்னா 4,667 வரும், அதுவும் தப்பு, ஏன்னா அதுல இருக்குறது ஏழு சம்பளம், ஏழு சம்பளம்னா 14 வாரம், 14 வாரம்ங்கறது மூணு மாசத்த விட அதிகம். கூட்டுத்தொகைய மாசத்தால வகுக்காம அதுவரைக்கும் வந்த சம்பள எண்ணிக்கையால வகுங்க, 14,000ஐ ஏழால வகுத்தா 2,000, அதை 26ஆல பெருக்குங்க, நேரா 52,000. ரூபாய்க்கு மாத்துறத எல்லாம் முடிஞ்ச பெறகு கடைசில ஒரு தடவ பண்ணுங்க, ஒவ்வொரு சம்பளத்தையும் அன்னன்னைக்கு ரேட்டுல மாத்தி கூட்டப் போனா இந்த எண்ணிக்கைத் தப்பு எங்க இருக்குன்னே கண்டுபிடிக்க முடியாது.

தம்பி கதை அவ்வளவுதான். இனி உங்களோடது.

3,000ஐ நாலால பெருக்கி 12,000, அதை 12ஆல பெருக்கி 1,44,000. இதுல நீங்க வருசத்துக்கு எத்தனை சனிக்கிழமை எண்ணிருக்கீங்க? 48. ஆனா வருசத்துல 52 சனிக்கிழமை வருது. மிச்ச நாலு எங்க போச்சுன்னு காலண்டர எடுத்துப் பாத்தா கையில தொட்டே காட்டலாம். 2026 ஏப்ரல்லருந்து 2027 மார்ச் வரைக்கும் புரட்டுங்க, மே மாசத்துல அஞ்சு சனி, ஆகஸ்ட்ல அஞ்சு, அக்டோபர்ல அஞ்சு, ஜனவரில அஞ்சு, மத்த எட்டு மாசத்துலயும் நாலு நாலு. எட்டு நாலு முப்பத்திரெண்டு, நாலஞ்சு இருபது, மொத்தம் 52. மாசத்துக்கு நாலு வாரம்னு சொன்னா பிப்ரவரிக்கு மட்டும்தான் அது பொருந்தும், அதுவும் 28 நாள் பிப்ரவரிக்கு. மத்த எல்லா மாசத்துலயும் ரெண்டு நாளோ மூணு நாளோ வெளிய தொங்கும், அது எல்லாம் சேந்துதான் அந்த நாலு சனி.

இந்தத் தப்ப நானே பண்ணி நல்லா வாங்கிக் கட்டிருக்கேன். நான் கணக்கு எழுத ஆரம்பிச்ச காலத்துல ஒரு மீன் ஷெட்டுல இருந்தேன், அப்ப நாள் கூலி 120, வாரம் 720. ஓனர் ஒரு நாள் "இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை காசு எண்ண முடியாதுப்பா, எல்லாத்தையும் மாசச் சம்பளமாக்கிரு"ன்னாரு. நானும் பெரிய புத்திசாலி மாதிரி 720 இன்ட்டு நாலு 2,880ன்னு போட்டு 22 பேருக்கும் லிஸ்ட் அடிச்சு செவுத்துல ஒட்டிட்டேன். ஒட்டி அரை மணி நேரம் கூட ஆகல, இறால் தலை கிள்ளிக்கிட்டு இருந்த ஒரு அக்கா ஈரக்கையோட எந்திரிச்சு வந்து லிஸ்ட்டுக்கு முன்னாடி நின்னுச்சு. அது ஸ்கூல் பக்கம் மழைக்குக் கூட ஒதுங்குனது இல்ல. "ஏந் தம்பி, அஞ்சு சனி வர்ற மாசம் எனக்கு 3,600 வரும். இனிமே அந்த மாசமும் இதே 2,880தானா? அப்ப அந்த அஞ்சாவது வாரம் நான் சும்மா வந்து தலை கிள்ளிட்டுப் போகணுமா?"ன்னு கேட்டுச்சு. நான் பேனாவ காதுல சொருகிக்கிட்டு நின்னேன், பதில் இல்ல. வருசத்துக்கு நாலு வாரம், 2,880 ரூபா, அதாவது நான் போட்ட கணக்குப்படி ஒரு முழு மாசச் சம்பளத்த ஒவ்வொருத்தர்கிட்ட இருந்தும் ஓனரே கேக்காம எடுத்து ஓனர் கையில குடுத்துருக்கேன். லிஸ்ட்ட கிழிச்சுட்டு 3,120ன்னு புதுசா அடிச்சேன். ஓனருக்கு மொகம் கொஞ்சம் சுருங்குச்சு, அது வேற விசயம்.

3,120 எப்படி வந்துச்சுன்னா 720ஐ 52ஆல பெருக்கி 12ஆல வகுத்தேன். அந்த அக்கா அதையும் நம்பல, "நாள் கணக்குல சொல்லு"ன்னுச்சு. 120ஐ 26ஆல பெருக்கிப் பாத்தா அதே 3,120. அன்னைக்குத்தான் எனக்கே ஒண்ணு வெளங்குச்சு. நம்ம ஊர்ல தினக்கூலிய மாசமாக்குறப்ப எல்லாரும் 26ஆல பெருக்குவாங்கல்ல, பணிக்கொடை கணக்குல கூட மாசத்த 26 நாளா வச்சுத்தான் வகுக்குறாங்க, அந்த 26 சும்மா வந்த நம்பர் இல்ல. வாரத்துக்கு ஆறு நாள் வேலை, 52 வாரம், மொத்தம் 312 நாள், அதை 12ஆல வகுத்தா 26. நாள் கணக்குல 26ன்னு கரெக்டா சொல்ற அதே வாய் வாரக் கணக்குல நாலுன்னு சொல்லுது. நாலு வாரம்னா 24 நாள்தான ஆச்சு? ரெண்டு நாள் கூலி எங்க? அந்த ரெண்டு நாள்தான் மாசா மாசம் நீங்க விடுறது. உங்களுக்கு 500ஐ 26ஆல பெருக்கிப் பாருங்க, 13,000. 12,000 இல்ல.

இங்க ஒரு எச்சரிக்கை, இந்த 26உம் தம்பியோட 26உம் வேற வேற. உங்க 26 ஒரு மாசத்துல இருக்குற வேலை நாள். அவனோட 26 ஒரு வருசத்துல இருக்குற சம்பளம். நம்பர் ஒண்ணா இருக்குறதால ஒருத்தர் தினக்கூலிய 26ஆல பெருக்கி அத வருச வருமானம்னு எழுதிக் கொண்டு வந்தாரு என்கிட்ட, வருசத்துக்கு 13,000 சம்பாதிச்சு எப்படிண்ணே ஆறு பேருக்கு சோறு போடுறீங்கன்னு கேட்டேன், அவருக்கே சிரிப்பு வந்துருச்சு.

சரி, அப்ப வருசம் 1,56,000, மாசம் 13,000ன்னு எழுதிரலாமான்னா அதுவும் கூடாது. அங்கதான் ரெண்டாவது தப்பு. உங்க ஷெட்டு விசைப்படகு மீனை நம்பி ஓடுது, தடைக்காலத்துல மூடுறாங்க. நம்ம கிழக்கு கடற்கரைக்கு ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். முன்னாடி 45 நாளா இருந்துச்சு, அந்த நெனப்புலயே "ஒன்றரை மாசம்தானே"ன்னு கணக்குப் போடுறவங்க இன்னும் இருக்காங்க, அது பழைய கணக்கு. நாட்டுப்படகுக்கு தடை இல்லங்கறதால நண்டு எடுக்குற சில இடத்துல அப்பவும் கொஞ்சம் வேலை ஓடும், உங்களது முழுசா மூடுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அதனால அத விட்டுருவோம்.

61 நாள 7ஆல வகுத்து 8.7 வாரம்னு போடாதீங்க, காலண்டர்ல வச்சு வேலை நாள எண்ணுங்க. 2026ல ஏப்ரல் 15 புதன்கிழமை. அந்த வாரத்துல திங்களும் செவ்வாயும் வேலை பாத்துருப்பீங்க, புதன்லருந்து சனி வரைக்கும் நாலு நாள் போச்சு. ஏப்ரல் 20 திங்கள்லருந்து ஜூன் 13 சனி வரைக்கும் முழுசா எட்டு வாரம், 48 நாள். ஜூன் 15 திங்கக்கெழமை, அன்னைக்கு திரும்ப ஆரம்பம். ஆக மொத்தம் 52 வேலை நாள் போச்சு. 312ல 52 போனா 260 நாள், நாளுக்கு 500 வச்சா 1,30,000. அதை 12ஆல வகுத்தா மாசம் 10,833. உங்க பாஸ்புக்குல 1,44,000 வராததுக்கு காரணம் இதுதான். மாச வருமானம் எழுதுற எடத்துல 10,833ன்னும் வருச வருமானம் எழுதுற எடத்துல 1,30,000ன்னும் எழுதுனீங்கன்னா பாஸ்புக்க கூட்டிப் பாக்குறவருக்கும் கிட்டத்தட்ட அதே வரும். நடுவுல நீங்க லீவு போட்ட நாளும் படகு கடலுக்குப் போகாத நாளும் கழியும்.

இதை மாசவாரியா போட்டுப் பாத்தா எவ்வளவு மேடு பள்ளம்னு தெரியும். ஏப்ரல்ல 4ஆந் தேதி 3,000, 11ஆந் தேதி 3,000, 18ஆந் தேதி ரெண்டு நாளுக்கு மட்டும் 1,000, அதோட 7,000தான். மே மாசம் சுத்தமா சைபர், வேடிக்கை என்னன்னா அஞ்சு சனி வர்ற நாலு மாசத்துல ஒண்ணு இந்த மே, அது தடைக்காலத்துலயே முங்கிப் போச்சு. ஜூன்ல 20உம் 27உம், 6,000. ஜூலை 12,000, ஆகஸ்ட் 15,000, செப்டம்பர் 12,000, அக்டோபர் 15,000, நவம்பர் டிசம்பர் 12,000 12,000, ஜனவரி 15,000, பிப்ரவரி மார்ச் 12,000 12,000. கூட்டுங்க, 1,30,000 வரும். வருசத்துல ஒரு மாசம் கூட உங்க கையில சரியா 10,833 வரல பாருங்க. ஃபார்ம்ல எழுதுற சராசரி வேற, வீட்டு அலமாரில இருக்குற காசு வேற. ஃபார்ம்க்கு சராசரி வேணும், ஆனா தவணை எவ்வளவு கட்ட முடியும்னு நீங்க முடிவு பண்ணுறப்ப இந்த மாசவாரி வரிசையத்தான் பாக்கணும். மே மாசமும் தவணைத் தேதி வரும். அஞ்சு சனி வர்ற ஆகஸ்ட், அக்டோபர், ஜனவரில அந்த அஞ்சாவது சனி 3,000ஐ தொடாம தனியா வச்சா 9,000 சேரும், அதுதான் ஏப்ரல் கடைசிலருந்து ஜூன் நடு வரைக்கும் தவணைக்கு ஆகுறது. தவணை மாசம் 4,500க்கு மேல போனா அது பத்தாது, மே ஜூன் ரெண்டு தவணைக்கே 9,000 தீந்துரும்.

தடைக்கால நிவாரணம் வீட்டுல யாருக்காவது வருதுன்னா அதை சம்பளக் கணக்குல கலக்காதீங்க, தனி வரியா எழுதுங்க, கலந்தா வாரச் சம்பளத்தோட எதுவும் ஒத்து வராது.

உங்களுக்கு வாரா வாரம் சரியா 3,000 வருதுன்னு வச்சுத்தான் இவ்வளவும் சொன்னேன். ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் படகு வாரத்துல மூணு நாளைக்கு கடலுக்குப் போறதும், புயல் எச்சரிக்கை வந்தா அதுவும் நிக்கிறதும் உங்களுக்கே தெரியும், ஒரு வாரம் 3,000 ஒரு வாரம் 1,500ன்னு வர்றவங்களுக்கு எந்த வாரத்த எடுத்து 52ஆல பெருக்குறது? எதையும் எடுக்கக்கூடாது. நல்ல வாரத்த எடுத்துப் பெருக்குனா பொய்யாயிரும், மோசமான வாரத்த எடுத்தா உங்களுக்கே நட்டம். நோட்டுலயோ பாஸ்புக்குலயோ கடைசி 52 சனிக்கிழமைய வரிசையா எழுதி, சம்பளம் வராத சனிக்கு சைபர் போட்டு, அத்தனையையும் கூட்டி நேரா 12ஆல வகுக்குறதுதான் வழி. சைபர் போட மறந்துட்டா என்ன ஆகும்னா, 44 வாரக் காசக் கூட்டி 44ஆல வகுத்து சராசரி எடுத்து அதை மறுபடி 52ஆல பெருக்கிருவாங்க, மூடி இருந்த எட்டு வாரத்துக்கும் சம்பளம் முளைச்சிரும். லோன் ஃபார்ம்ல நான் அதிகமா திருத்துறது இந்த இடந்தான்.

எப்பவும் வருசத்த மொதல்ல கண்டுபிடிச்சு அப்புறம் மாசத்துக்கு வாங்க, மாசத்துலருந்து வருசத்துக்குப் போகாதீங்க. ஏன்னா சிலபேரு 52ஐ 12ஆல வகுத்து 4.33ன்னு வர்றத 4.3ன்னு சுருக்கி மனசுல வச்சுருப்பாங்க. 3,000ஐ 4.3ஆல பெருக்குனா 12,900, அதை 12ஆல பெருக்குனா 1,54,800. 1,56,000க்கு 1,200 ரூபா குறையுது, சுருக்குன பாவம்.

தலகீழா போறதும் இதே மாதிரிதான். யாராவது "மாசம் 13,000 தர்றேன்"ன்னு சொன்னா அதை நாலால வகுத்து வாரத்துக்கு 3,250ன்னு சந்தோசப்படாதீங்க, 12ஆல பெருக்கி 52ஆல வகுங்க, அதே பழைய 3,000தான். குழுக் கடன்ல வாரத் தவணை 500ன்னா மாசம் 2,000ன்னு எழுதுறதும் இதே தப்பு, நெசமா மாசத்துக்கு 2,167 போகுது, லோன் ஃபார்ம்ல ஏற்கனவே இருக்குற கடன்னு கேக்குற கட்டத்துல 2,167தான் எழுதணும். வருமானத்த 52ஆல பெருக்கிட்டு கடன 48ஆல பெருக்குனா பாக்குறவருக்கு சந்தேகம் வரத்தான் செய்யும்.

போன்ல கணக்குப் போடுற ஷீட் ஆப் வச்சுருந்தா இதெல்லாம் கையால போட வேண்டாம். A1ல வாரச் சம்பளம், A2ல 14 நாள் சம்பளம் போட்டுட்டு வருச மாசக் கணக்கு இப்படி:

```
=A1*52
=A1*52/12
=A2*26
=A2*26/12
```

ஒரு நிதி வருசத்துல எத்தனை சனிக்கிழமைன்னு எண்ணணும்னா மொத வரி. அந்த ஏழு எண்ணும் திங்கள்லருந்து ஞாயிறு வரைக்கும், சைபர் இருக்குற கிழமைய மட்டும் எண்ணும், சனி ஆறாவது. ரெண்டாவது வரி தம்பிக்கு, மொத சம்பள தேதிலருந்து வருசக் கடைசி வரைக்கும் எத்தனை சம்பளம்னு சொல்லும்:

```
=NETWORKDAYS.INTL(DATE(2026,4,1),DATE(2027,3,31),"1111101")
=INT((DATE(2027,6,30)-DATE(2026,7,1))/14)+1
```

மொதல்ல 52 வரணும், ரெண்டாவதுல 27 வரணும். ரெண்டாவதுல கடைசில இருக்குற +1ஐ விட்டுறாதீங்க, விட்டா 26ன்னு காட்டும், 14 14ஆ தாண்டுன இடைவெளி 26தான், ஆனா மொத சம்பளம் இடைவெளிக்கு முன்னாடியே விழுந்துருச்சுல்ல. வேலிக்கு கம்பு நட்டவங்களுக்கு இது தெரியும், பத்து அடிக்கு ஒரு கம்புன்னா நூறு அடிக்கு பதினோரு கம்பு வேணும்.

ஃபார்ம்ம திரும்பக் குடுக்குறப்ப உங்க பேருக்கு வருசம் 1,30,000 மாசம் 10,833, தம்பி பேருக்கு வருசம் 52,000 டாலர் மாசம் 4,333 டாலர்னு எழுதி, கூடவே ஒரு வெள்ளப் பேப்பர்ல "நாள் 500, வாரம் 6 நாள், 52 வாரத்தில் 312 நாள், தடைக்காலம் 52 நாள் போக 260 நாள்"னும் கீழ "14 நாளுக்கு 2,000 டாலர், ஆண்டுக்கு 26"ன்னும் ரெண்டே வரி எழுதி பாஸ்புக் ஜெராக்ஸோட பின் பண்ணிக் குடுங்க. பாஸ்புக்குல நீங்க கூட்டுனது 1,30,000க்கும் ரொம்பக் குறைவா இருந்துச்சுன்னா லீவு நாள் எத்தனைன்னு எண்ணி 260ல கழிச்சுட்டு அந்த நம்பரையே எழுதுங்க, ஏன்னா அவங்க கடைசில நம்புறது பாஸ்புக்கத்தான்.